கரையாது என்று நம்பப்பட்ட உலோகம்

செல் இரண்டாகப் பிரியும் படத்தைப் பள்ளி உயிரியல் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். நடுவில் குரோமோசோம்கள் வரிசைகட்டி நிற்கும். மேலும் கீழும் இரண்டு முனைகள். அந்த முனைகளிலிருந்து மெல்லிய இழைகள் வளைந்து வளைந்து வந்து நடுவரிசையைத் தொடும். இப்போது இயற்பியல் புத்தகத்தைப் புரட்டுங்கள். சட்டக் காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவினால் ஒரு வடிவம் வருமே, அதுவும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும்.

உயிரியல்காரர்கள் முதல் படத்தைத் தினமும் பார்க்கிறார்கள், இயற்பியல்காரர்கள் இரண்டாவதைத் தினமும் பார்க்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த பார்னெட் ரோசன்பெர்க் அப்படிப் பார்த்தார். அவர் படித்தது இயற்பியல், 1960-களின் தொடக்கத்தில் வேலை பார்த்தது உயிரியற்பியலில். அவருக்குத் தோன்றிய கேள்வி எளிமையானது: செல் பிரிவதில் மின்புலத்துக்கோ காந்தப்புலத்துக்கோ பங்கு இருக்குமோ? இருந்தால், வெளியிலிருந்து ஒரு மின்புலத்தைக் கொடுத்து அந்தப் பிரிவைக் குழப்ப முடிய வேண்டும்.

அவர் செய்த சோதனை அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லவில்லை. அந்த வகையில் அது தோற்றுப்போன சோதனை. ஆனால் அதே பாத்திரத்திலிருந்துதான் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. இதைத் 'தற்செயல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது ஒப்புதலில்லை. தற்செயலாகக் கிடைத்தது ஒரு விசித்திரமான காட்சி மட்டும்தான். அந்தக் காட்சிக்கும் மருந்துக்கும் நடுவில் ஒப்பீட்டுச் சோதனை என்ற ஒரு சாதாரண உத்தி வேலை செய்தது. இன்று நாம் பார்க்கப்போவது அந்த உத்தியைத்தான்.

பாத்திரத்தில் என்ன இருந்தது?

ரோசன்பெர்க்குடன் வேலை செய்தவர்கள் லொரெட்டா வான் கேம்ப், தாமஸ் கிரைகாஸ் என்ற இருவர். அவர்கள் எடுத்துக்கொண்ட உயிர் ஈ.கோலை பாக்டீரியா. நம் குடலிலேயே வாழ்வது, ஆய்வகத்தில் வளர்க்க எளிது, வேகமாகப் பெருகுவது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ரோசன்பெர்க்கைக் கவர்ந்த அந்த வளைந்த இழைகள் மனிதன், எலி, வெங்காயம் போன்றவற்றின் செல்களில்தான் உண்டு. பாக்டீரியாவில் அப்படி எதுவும் இல்லை. கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்று முதலில் பார்ப்பதற்குப் பாக்டீரியா போதும் என்ற கணக்கில்தான் அதில் தொடங்கினார்கள்.

பாத்திரம் மூடி வைத்த குடுவை அல்ல. ஒரு பக்கம் புதிய ஊட்டக் கரைசல் சொட்டுச் சொட்டாக உள்ளே வந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் அதே வேகத்தில் பழைய கரைசல் வெளியேறிக்கொண்டே இருக்கும். வெளியேறும் நீரோடு பாக்டீரியாக்களும் அடித்துச் செல்லப்படும். போகிறவற்றுக்கு ஈடாக உள்ளே புதியவை பிறந்துகொண்டிருந்தால் மொத்த எண்ணிக்கை மாறாமல் நிற்கும். இந்த ஏற்பாட்டின் அழகு என்னவென்றால், பாக்டீரியா பிரிவதில் சிறிய தடங்கல் வந்தாலும் கணக்கு உடனே சாய்ந்துவிடும். கலங்கலாக இருந்த கரைசல் தெளியத் தொடங்கும். நுண்ணோக்கியில் ஒன்றிரண்டாக எண்ணிப் பார்க்காமலே வெளியிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் பாத்திரத்துக்குள் இரண்டு மின்முனைகள். எதனால் செய்வது? இரும்பு போட்டால் துருப்பிடிக்கும், செம்பு போட்டால் கரைந்து பாக்டீரியாவையே கொன்றுவிடும். எதனோடும் வினைபுரியாத உலோகம் என்று வேதியியலில் பெயரெடுத்தது பிளாட்டினம். ஆகவே பிளாட்டின மின்முனைகள். மாறுதிசை மின்னோட்டம், நொடிக்குச் சில நூறிலிருந்து சில ஆயிரம் அதிர்வுகள். ஊட்டக் கரைசலில் வழக்கமான உப்புகள். அவற்றில் ஒன்று அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் சுடச்சுடத் தேய்ப்பார்களே, அந்த நவச்சாரம்தான். பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் வேண்டும் என்பதற்காக அது அங்கே இருந்தது. இந்த நவச்சாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மின்சாரத்தைப் போட்டதும் கலங்கல் குறையத் தொடங்கியது. நிறுத்தினால் சில மணி நேரம் கழித்துப் பழையபடி கலங்கியது. ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மையான அதிர்ச்சி. குட்டைக் கோல் வடிவத்தில் இருக்க வேண்டிய பாக்டீரியாக்கள் நீள நீள இழைகளாகக் கிடந்தன. சில, வழக்கத்தைவிட 300 மடங்கு வரை நீண்டிருந்தன. ஒரு ஈ.கோலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் 500-இல் ஒரு பங்கு. அதை 300-ஆல் பெருக்கினால் அரை மில்லிமீட்டருக்கும் மேல் வரும். நம் வெறுங்கண்ணின் எல்லைக்கே வந்துவிட்ட பாக்டீரியா!

இந்த நீளத்துக்கு என்ன பொருள் என்று சற்று நின்று யோசிக்க வேண்டும். பாக்டீரியா சாகவில்லை. செத்திருந்தால் நீண்டிருக்காது. சாப்பிடுகிறது, வளர்கிறது, உடல் பெருக்கிறது. ஆனால் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரியும் அந்த ஒரு வேலை மட்டும் நடக்கவில்லை. வளர்ச்சி உண்டு, பிரிதல் இல்லை.

எதனால் என்று எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் ரோசன்பெர்க் மகிழ்ச்சியில் குதித்திருக்கலாம். அவர் கேட்டது என்ன? மின்புலம் செல் பிரிவைத் தடுக்குமா? கண்ணெதிரே கிடைத்தது என்ன? மின்சாரம் போட்டால் பிரிவு நிற்கிறது, நிறுத்தினால் திரும்புகிறது. ஊகம் சரி, கட்டுரை எழுதலாம் என்று போயிருந்தால் தவறான ஒரு கட்டுரை வெளியாகியிருக்கும், மருந்து கிடைத்திருக்காது.

சிக்கல் இதுதான். விசையைத் தட்டியபோது பாத்திரத்துக்குள் மாறியது ஒரே ஒரு விஷயம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பலவும் சேர்ந்து மாறுகின்றன. மின்புலம் வந்தது, அது நமக்குத் தெரியும். கரைசல் வழியே மின்னோட்டம் போவதால் கொஞ்சம் சூடாகியிருக்கலாம். மின்முனைகளை ஒட்டி நீர் பிரிந்து அமிலத்தன்மை மாறியிருக்கலாம். உப்பிலிருந்து குளோரின் பிறந்திருக்கலாம். மின்முனையின் உலோகமே கொஞ்சம் கரைந்திருக்கலாம். இவற்றில் எது வேண்டுமானாலும் குற்றவாளியாக இருக்கலாம். போதாததற்கு, ஈ.கோலை இப்படி இழையாக நீள்வது அதற்கு முன்பே தெரிந்த ஒன்று. புறஊதா ஒளி பட்டாலும் நீளும், பெனிசிலினைக் குறைந்த அளவில் கொடுத்தாலும் நீளும். ஆகவே 'நீண்டிருக்கிறது' என்பதை மட்டும் வைத்துக் காரணத்தைச் சொல்ல முடியாது.

சேர்ந்து மாறுகிறவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பதற்குத்தான் ஒப்பீட்டுச் சோதனை. சந்தேகப்படும் ஒரே ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அப்படியே இருக்கும் இன்னொரு பாத்திரம் வைக்க வேண்டும். சூடு மேல் சந்தேகமா? மின்சாரம் இல்லாமல் அதே அளவு சூடாக்கிப் பார்க்கலாம். அமிலத்தன்மை மேல் சந்தேகமா? மின்சாரம் இல்லாமல் ஒரு துளி அமிலமோ காரமோ விட்டு அதே அளவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம்.

ஆனால் மின்புலத்தின் மேல் இருக்கும் சந்தேகத்தை எப்படிச் சோதிப்பது? மின்புலம் வந்தால் மற்ற எல்லாமும் கூடவே வந்துவிடுகின்றனவே. அவர்கள் செய்தது மிகவும் எளிமையானது. பாக்டீரியா இல்லாத வெறும் ஊட்டக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினார்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்தக் கரைசலில் மின்புலத்தையே பார்த்திராத புதிய பாக்டீரியாக்களை விட்டார்கள். அவையும் நீண்டன.

இந்த ஒரு சோதனையில் மின்புலத்தின் மேல் இருந்த குற்றச்சாட்டு விழுந்தது. மின்புலம் விசையை அணைத்த கணத்தில் போய்விடும், கரைசலில் தங்காது. தங்கியிருப்பது ஏதோ ஒரு பொருள்தான். அந்தப் பொருள் மின்முனையில் உண்டானது. ரோசன்பெர்க்கின் முதல் ஊகம் இங்கே செத்தது. 1965-இல் 'நேச்சர்' இதழில் மூவரும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, பிளாட்டின மின்முனையிலிருந்து மின்னாற்பகுப்பில் வந்த பொருள்கள் ஈ.கோலையின் பிரிவைத் தடுப்பது பற்றியது. மின்புலம் தலைப்பிலேயே இல்லை.

பிளாட்டினம் கரையுமா?

கரையும். தனியாகத் தண்ணீரில் போட்டால் கரையாது. மோதிரம் போட்டிருப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் குளோரைடு இருக்கும் கரைசலில், முன்னும் பின்னுமாகத் திசை மாறும் மின்னோட்டத்தில் மணிக்கணக்காக வைத்தால், மேற்பரப்பில் இருக்கும் பிளாட்டினம் மெல்ல மெல்ல அயனியாகிக் கரைசலுக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். கரைசலில் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ பத்துப் பங்கு. பாக்டீரியாவைக் குழப்ப அது போதுமானதாக இருந்தது.

கரைந்த பிளாட்டினம் கரைசலில் இருந்த நவச்சாரத்தின் குளோரைடோடும் அம்மோனியத்தோடும் சேர்ந்து ஒரு சேர்மம் உண்டாகும்: (NH4)2PtCl6. சந்தேகத்தில் முதல் ஆள் இதுதான். கடையில் கிடைக்கும் பொருள், வாங்கிக் கரைத்துப் பாக்டீரியாவுக்குக் கொடுத்தார்கள். பாக்டீரியா வளர்வது நின்றது. ஆனால் நீளவில்லை!

நல்ல துப்பறியும் கதையில் கைதுசெய்த ஆளுக்கு வேறு ஊரில் இருந்ததற்கான சாட்சி வருவதைப் போன்ற இடம் இது. சந்தேகப்பட்ட பொருளைக் கொடுத்தால் வேறு ஏதோ நடக்கிறது, நாம் தேடும் விளைவு வரவில்லை. ஆனால் அதே கரைசலைக் கொஞ்ச காலம் ஆய்வகத்தில் வைத்திருந்து பிறகு கொடுத்தால் பாக்டீரியா நீண்டது. புதுக் கரைசலில் இல்லாத எதுவோ பழைய கரைசலில் உண்டாகியிருந்தது.

காரணம் வெளிச்சம். ஒளி பட்டதும் பிளாட்டினத்தைச் சுற்றியிருக்கும் குளோரைடுகளில் சில கழன்று, அந்த இடத்தில் அம்மோனியா வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆறு குளோரைடு சூழ்ந்த பிளாட்டினத்துக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. குளோரைடு இரண்டு போய் அம்மோனியா இரண்டு வந்தால் மின்னேற்றம் இல்லாத நடுநிலை மூலக்கூறாகிவிடும். 1967-இல் வெளியிட்ட கட்டுரைகளில் இந்தக் குழு இதைப் பிரித்துச் சொன்னது: மின்னேற்றம் உள்ள வடிவம் பாக்டீரியாவின் வளர்ச்சியையே நிறுத்துகிறது, நடுநிலை வடிவம் பிரிவை மட்டும் நிறுத்துகிறது. ஒரே உலோகம், ஒட்டியிருக்கும் அணுக்கள் மாறினால் வேலையே மாறிவிடுகிறது.

இன்னும் ஒரு படி பாக்கி. எளிமைக்காக நான்கு கைகள் உள்ள பிளாட்டினச் சேர்மத்தை எடுத்துக்கொள்வோம்: Pt(NH3)2Cl2. கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிளாட்டினம், நான்கு மூலைக் குழிகளில் இரண்டு குளோரைடும் இரண்டு அம்மோனியாவும். இவற்றை இரண்டு விதமாக வைக்கலாம். இரண்டு குளோரைடும் ஒரே பக்கத்து மூலைகளில் அடுத்தடுத்து இருந்தால் சிஸ் வடிவம். குறுக்காக எதிரெதிர் மூலைகளில் இருந்தால் டிரான்ஸ் வடிவம். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான், எடை ஒன்றுதான். டிரான்ஸ் வடிவத்தைக் கொடுத்தால் பாக்டீரியா சட்டை செய்யவில்லை. சிஸ் வடிவத்தைக் கொடுத்தால் இழையாக நீண்டது.

சிஸ்பிளாட்டின் என்பது இந்தச் சிஸ் சேர்மம்தான். இது புதியதும் அல்ல. இத்தாலிய வேதியியலாளர் மிகேலே பெய்ரோனே 1840-களிலேயே இதைத் தயாரித்திருந்தார். அதன் அமைப்பைப் பற்றி 1893-இல் ஆல்ஃபிரட் வெர்னர் எழுதினார். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆக, நூற்றிருபது வருடமாக வேதியியல் அலமாரியில் இருந்த ஒரு மஞ்சள் தூள். அதை ஓர் உயிருள்ள செல்லுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. எழ வேண்டிய காரணமும் இல்லை.

பாக்டீரியாவிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து மனிதருக்கு

வளர்வதைத் தடுக்காமல் பிரிவதை மட்டும் தடுக்கிறது என்றால், கட்டுக்கடங்காமல் பிரிந்துகொண்டே போகும் செல்லை இது என்ன செய்யும்? புற்றுநோய் என்பது அதுதானே. 1968-இல் ரோசன்பெர்க் குழு எலிகளுக்குத் தோலின் கீழ் ஒருவகைப் புற்றுக் கட்டியை வைத்து வளர்த்து, இந்தப் பிளாட்டினச் சேர்மங்களை ஊசியில் போட்டது. சிறிய கட்டியில் மட்டும் அல்ல, எட்டு நாள் வளரவிட்டுப் பெரிதான கட்டியிலும் போட்டுப் பார்த்தார்கள். கட்டிகள் சுருங்கி மறைந்தன. ஊசி போடாத எலிகள் இறந்தன. 1969-இல் மறுபடியும் 'நேச்சர்' இதழில் கட்டுரை.

இங்கேயும் ஒப்பீடு இருப்பதைக் கவனியுங்கள். ஊசி போடாத எலிகள் இல்லாமல் இருந்திருந்தால், கட்டி தானாகவே கரைந்தது என்று ஒருவர் சொல்லலாம். சில வகை எலிக் கட்டிகள் அப்படித் தானாகக் கரைவதும் உண்டு.

செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது பிறகு தெளிவானது. இரத்தத்தில் குளோரைடு ஏராளம், ஆகவே மருந்தின் இரண்டு குளோரைடுகளும் கழலாமல் ஒட்டியிருக்கும். செல்லுக்குள் குளோரைடு மிகவும் குறைவு. உள்ளே போனதும் அவை கழன்று தண்ணீர் மூலக்கூறு வந்து ஒட்டும். அதுவும் எளிதில் விலகக்கூடியது. இப்போது பிளாட்டினத்துக்கு அடுத்தடுத்து இரண்டு கைகள் காலி. டி.என்.ஏ. ஏணியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குவானின்களை அந்தக் கைகள் பற்றிக்கொள்கின்றன. டி.என்.ஏ. அந்த இடத்தில் மடங்கிவிடுகிறது. படியெடுக்கும் இயந்திரம் அங்கே வந்ததும் தடுமாறி நிற்கிறது. டிரான்ஸ் வடிவத்தின் காலிக் கைகள் எதிரெதிர்ப் பக்கம் இருப்பதால் பக்கத்துப் பக்கத்து குவானின்களை இப்படிச் சேர்த்துப் பிடிக்க முடியாது. இரண்டு வடிவங்களுக்கும் இடையே அவ்வளவு வேறுபாடு வந்ததற்கு முக்கியக் காரணம் இது.

பாக்டீரியா ஏன் நீண்டது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. டி.என்.ஏ. சேதப்பட்டால் ஈ.கோலை ஓர் அவசர ஏற்பாட்டைத் தொடங்கும். சேதத்தைச் சரிசெய்யும் வரை நடுச்சுவர் எழும்பாமல் தடுக்கும் ஒரு புரதத்தை உண்டாக்கும். கெட்டுப்போன நகலை வைத்துக்கொண்டு இரண்டாகப் பிரிவதைவிடக் காத்திருப்பது மேல். அதற்குள் உடல் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். புறஊதா ஒளியிலும் நீண்டது இதே காரணத்தால்தான்.

மனிதர்களுக்கு முதன்முதலில் கொடுத்தது 1971-இல். நன்றாகத் தொடங்கவில்லை. சிறுநீரகம் கெட்டது, வாந்தி தாங்க முடியவில்லை. பல மருத்துவர்கள் இதைக் கைவிடும் மனநிலைக்கு வந்தார்கள். கன உலோகத்தை உடம்பில் ஏற்றுவதா என்ற தயக்கம் வேறு. காப்பாற்றியது ஒரு சாதாரண யோசனை: மருந்துக்கு முன்னும் பின்னும் நரம்பு வழியாக நிறைய உப்புநீரை ஏற்றி, சிறுநீரை நன்றாகப் போகச் செய்தால் சிறுநீரகத்தில் மருந்து தங்கும் நேரம் குறையும். இன்றும் சிஸ்பிளாட்டின் ஏற்றும் வார்டுகளில் பாட்டில் பாட்டிலாக சலைன் தொங்குவதற்குக் காரணம் இது.

திருப்பம் விரைப்பைப் புற்றுநோயில் வந்தது. இளைஞர்களைத் தாக்கும் நோய். நுரையீரலுக்கோ வயிற்றுக்கோ பரவிவிட்டால் அந்தக் காலத்தில் பிழைப்பவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1974-இல் சிஸ்பிளாட்டினோடு இன்னும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். அவற்றில் ஒன்றான வின்பிளாஸ்டின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நம் வீட்டு வாசலிலும் கல்லறைத் தோட்டங்களிலும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் அதே செடி. இந்தக் கூட்டு மருந்தால் பரவிய நிலையில் இருந்தவர்களே குணமடையத் தொடங்கினார்கள். இப்போது பரவிய நிலையிலும் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் குணமாகிறார்கள். 1978 டிசம்பரில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

எல்லாப் புற்றுநோயிலும் இந்த அளவு பலன் இல்லை. சினைப்பை, சிறுநீர்ப்பை, கழுத்து, நுரையீரல் புற்றுநோய்களில் கொடுக்கிறார்கள். பல நேரம் முதலில் கேட்கும், பிறகு செல்கள் டி.என்.ஏ.-வைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டு மருந்துக்குப் பணியாமல் போய்விடும். காது கேட்பது குறையும், விரல் நுனிகள் மரத்துப்போகும். சிறுநீரகத்துக்குக் குறைந்த தொல்லை தரும் கார்போபிளாட்டின் என்ற தம்பி மருந்து பின்னால் வந்தது.

எத்தனை விஷயங்கள் சேர்ந்து அமைய வேண்டியிருந்தது!

மின்முனையைக் கார்பனில் செய்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. ஊட்டக் கரைசலில் நைட்ரஜனுக்காக நவச்சாரத்துக்குப் பதில் வேறொன்றைப் போட்டிருந்தால் அம்மோனியா ஒட்டிய பிளாட்டினம் உண்டாகியிருக்காது. வெளிச்சமே படாத பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்திருந்தால் நடுநிலை வடிவம் வந்திருக்காது. மூடிய குடுவையில் வளர்த்திருந்தால், மின்சாரம் போட்டதும் கலங்கல் இப்படிப் பளிச்சென்று மாறிக் காட்டியிருக்காது. இத்தனையும் யாரும் திட்டமிட்டவை அல்ல. இவ்வளவையும் அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மின்சாரம் போன கரைசலைத் தனியே எடுத்து அதில் புதிய பாக்டீரியாவை விட்டது அதிர்ஷ்டம் அல்ல.

ரோசன்பெர்க்கின் பழைய கேள்வி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. இஸ்ரேலைச் சேர்ந்த யோராம் பால்ட்டி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், நொடிக்கு ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் அதிர்வுகள் கொண்ட மாறும் மின்புலம் பிரியும் செல்களைத் தொந்தரவு செய்கிறது என்று காட்டினார். ரோசன்பெர்க் பயன்படுத்தியதைவிட மிக மிக அதிகமான அதிர்வு. ஒருவகை மூளைப் புற்றுநோய்க்குத் தலையில் ஒட்டிக்கொள்ளும் கருவியாக 2011-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. சில மாதங்கள் ஆயுளைக் கூட்டுகிறது. அது செல்லுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது.

அறிவியல் மன்றத்தில் செய்து பார்க்க

பிளாட்டினமும் வேண்டாம், பாக்டீரியாவும் வேண்டாம். மின்முனை கரைசலுக்குள் வருகிறதா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் காட்ட வெள்ளை வினிகர் போதும். மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு வினிகர் ஊற்றுங்கள். முதல் குவளையில் உறை உரித்த இரண்டு செம்புக் கம்பிகளை, ஒன்றோடொன்று தொடாமல், 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்து வையுங்கள். இரண்டாவதில் அதே மாதிரி இரண்டு செம்புக் கம்பிகள், பேட்டரி இல்லாமல். மூன்றாவதில் செம்புக்குப் பதில் இருமுனையும் சீவிய இரண்டு பென்சில்கள், பேட்டரியோடு. வினிகரில் உப்பு போடாதீர்கள், போட்டால் குளோரின் வாயு வரும். சன்னலைத் திறந்து வையுங்கள்.

சில மணி நேரத்தில் முதல் குவளை இளநீலமாகும். அந்த நேரத்தில் இரண்டாவதில் நிறம் வராது. மூன்றாவதிலும் வராது, குமிழ்கள் மட்டும் கிளம்பும். இப்போது மாணவர்களிடம் ஒரு கேள்வியைப் போடுங்கள்: முதல் குவளையை மட்டும் பார்த்த ஒருவர், "மின்சாரம் வினிகரை நீலமாக்குகிறது" என்று சொன்னால் அவரை மறுக்க எந்தக் குவளை வேண்டும்? "செம்பைப் போட்டாலே நீலமாகிவிடும்" என்று இன்னொருவர் சொன்னால் எந்தக் குவளை? பெரும்பாலும் இரண்டு கேள்விக்கும் ஒரே குவளையைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருத்திக்கொள்வார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள், விடையை முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

இரண்டாவது குவளையை அப்படியே ஓரிரு வாரம் விட்டால், காற்றுப் படும் விளிம்பில் கம்பி மெல்லப் பச்சை பிடித்து அதுவும் லேசாக நிறம் காட்டும். ஆகவே எத்தனை மணி நேரத்தில் பார்த்தோம் என்பதைக் குவளை மேல் எழுதி ஒட்டுவது நல்லது. முடிந்ததும் நீலக் கரைசலைச் செடிக்கு ஊற்றாதீர்கள், செம்பு வேருக்கு ஆகாது. பள்ளி ஆய்வகத்தில் கழிவுகளைச் சேர்க்கும் பாட்டிலில் விட்டுவிடுங்கள்.